நாலு லட்சம் பன்னிரண்டு மாதம், ஆறு லட்சம் எட்டு மாதம்: களத்து லாபத்தை எப்படிப் பிரிப்பது?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கொப்பரைக் களத்தைக் கூட்டுச் சேர்ந்து போடுவது சகஜம். ஒருவரிடம் தோப்பு இருக்கும், இன்னொருவரிடம் கையில் பணம் இருக்கும், மூன்றாவது ஆள் வெயிலில் நின்று வேலை வாங்கத் தயாராக இருப்பார். ஆரம்பத்தில் யாரும் கணக்குப் பேசுவதில்லை. 'நமக்குள்ள என்னங்க' என்று ஆரம்பித்து, மார்ச் மாதக் கடைசியில் லாபம் கைக்கு வந்ததும் 'அதெப்படிங்க சரியாகும்' என்பதில் வந்து நிற்கும். போட்ட பணம் வேறு, போட்டிருந்த மாதங்கள் வேறு என்றால் பிரிப்பதற்கு ஒரே ஒரு சரியான வழிதான் உண்டு என்று பள்ளிக் கணக்கு சொல்லும். நடைமுறையில் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஆளுக்கு 96,000 ரூபாயும் வரலாம், 54,000 ரூபாயும் வரலாம்.

ஒரு களத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை, கணக்கு நடைமுறையில் வருவது.

தோப்புக்காரர் ஏப்ரல் 1 அன்று 4 லட்சம் போட்டார், வருடம் முழுவதும் எடுக்கவில்லை. அவர் தம்பி அதே நாளில் 3 லட்சம் போட்டார். ஜூலைக் கடைசியில் ஆழ்குழாய்க் கிணறு போட ஒன்றரை லட்சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார், மீதி ஒன்றரை லட்சம் மார்ச் வரை களத்தில் இருந்தது. ஆகஸ்ட் 1 அன்று பொள்ளாச்சியிலிருந்து மச்சான் 6 லட்சத்தோடு வந்து சேர்ந்தார். மார்ச் 31 அன்று எல்லாச் செலவும் போக லாபம் 2,40,000 ரூபாய்.

எதுவும் எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பல களங்களில் எதுவும் எழுதி வைப்பதில்லை. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். அதன் 13-ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது லாபமும் நட்டமும் சமபங்கு. யார் எவ்வளவு போட்டார், எத்தனை மாதம் போட்டார் என்று சட்டம் கேட்பதில்லை. அதாவது மூவருக்கும் ஆளுக்கு 80,000. ஒன்றரை லட்சத்தை நடுவில் எடுத்துக்கொண்ட தம்பிக்கும், ஆறு லட்சம் கொண்டுவந்த மச்சானுக்கும் ஒரே தொகை. நியாயமா இல்லையா என்று விவாதிக்கலாம். ஆனால் வாய்ப்பேச்சில் நடந்த கூட்டு தகராறாகிக் கோர்ட்டுக்குப் போனால், வேறு ஏற்பாடு இருந்தது என்று நிரூபிக்க முடியாதவர் இந்த 80,000-ஐத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.

மாதத்தைப் பார்க்காமல், போட்ட தொகையை மட்டும் வைத்து 4 : 6 : 3 என்று பிரிப்பவர்களும் உண்டு. அப்படிப் பிரித்தால் மச்சானுக்கு 1,10,769 ரூபாய். நாலு மாதம் அவர் பணம் களத்துப் பக்கமே வரவில்லை என்பது எங்கே போயிற்று? தம்பி எடுத்த ஒன்றரை லட்சம் எங்கே போயிற்று? எல்லோரும் ஒரே நாளில் போட்டு, ஒரே நாளில் எடுக்கிற கூட்டுக்கு மட்டும்தான் இந்த வழி பொருந்தும். நம் கணக்குக்கு இது ஆகாது, விட்டுவிடலாம்.

மீதமிருக்கும் மூன்று வழிகளில்தான் உண்மையான போட்டி.

பணத்தை மாதத்தால் பெருக்குவது

பள்ளியில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஒவ்வொருவரின் தொகையையும் அது களத்தில் இருந்த மாதங்களால் பெருக்க வேண்டும். நடுவில் தொகை மாறினால் மாறிய இடத்தில் வெட்டி, தனித்தனியாகப் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

தோப்புக்காரருக்கு 4 × 12 = 48. மச்சானுக்கு 6 × 8 = 48. தம்பிக்கு முதல் நாலு மாதம் 3 × 4 = 12, அடுத்த எட்டு மாதம் 1.5 × 8 = 12, ஆக 24. மொத்தம் 120. இந்த 120 என்பது 'லட்ச-மாதம்': ஒரு லட்சம் ஒரு மாதம் களத்தில் கிடந்தால் ஒன்று. 2,40,000-ஐ 120-ஆல் வகுத்தால் 2,000. தோப்புக்காரருக்கு 96,000, மச்சானுக்கு 96,000, தம்பிக்கு 48,000.

இந்த 2,000 எதைச் சொல்கிறது என்று பார்த்தால் இந்த வழியின் குணம் பிடிபடும். ஒரு லட்சத்துக்கு மாதம் 2,000 என்றால் எங்கள் பக்கப் பேச்சில் ரெண்டு வட்டி. ஆக, மாதத்தால் பெருக்கிப் பிரிப்பது என்பது, மூவரும் களத்துக்கு ஒரே வட்டிக்குப் பணம் கொடுத்ததாக வைத்துக்கொண்டு, அந்த வட்டி எவ்வளவு என்பதை லாபமே சொல்லும்படி விடுவதுதான். யார் பணமாக இருந்தாலும், எந்த மாதமாக இருந்தாலும், ஒரு லட்சம் ஒரு மாதத்தில் 2,000 சம்பாதித்தது என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது.

'எந்த மாதமாக இருந்தாலும்' என்ற இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. பீடி மண்டி, மளிகைக்கடை, பால் சொசைட்டிக்குத் தீவனம் போடுவது போன்ற தொழில்களில் மாதாமாதம் வருமானம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அங்கே இந்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கொப்பரை அப்படி இல்லை. 2025 பருவத்துக்கு மத்திய அரசு அரவைக் கொப்பரைக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். அந்த வருடம் சந்தை விலை அதைத் தாண்டி எங்கேயோ போனது. சரக்கைக் கையில் வைத்திருந்தவர் சும்மா இருந்தே சம்பாதித்த மாதங்களும் உண்டு, அப்புறம் ஏறின விலையில் தேங்காய் வாங்கி உடைத்துவிட்டு முழித்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட தொழிலில் எல்லா மாதத்துக்கும் ஒரே 2,000 என்பது யாரோ ஒருவருக்கு அநியாயமாகத்தான் முடியும்.

முதலில் வட்டி, மிச்சத்தில் பங்கு

இரண்டாவது வழியில் போட்ட பணத்துக்கு முதலில் ஒரு வட்டியைப் பேசிக்கொண்டு, அதை லாபத்திலிருந்து கொடுத்துவிட்டு, மீதியைச் சமமாகவோ பேசின விகிதத்திலோ பிரிப்பார்கள். ஒரு வட்டி, அதாவது வருடத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுப் பத்திரங்களில் இந்த 12 அடிக்கடி தென்படுவதற்குக் காரணம் இருக்கிறது: கூட்டாளிக்குக் கொடுக்கும் வட்டியில் 12 சதவீதம் வரைதான் வருமான வரிக் கணக்கில் செலவாக ஏற்பார்கள், அதுவும் பத்திரத்தில் எழுதியிருந்தால் மட்டும்.

120 லட்ச-மாதத்துக்கு ஒரு வட்டி என்றால் 1,20,000. அதில் 48,000, 48,000, 24,000. மிச்சம் 1,20,000-ஐச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 40,000. ஆகத் தோப்புக்காரர் 88,000, மச்சான் 88,000, தம்பி 64,000. பணத்துக்கு ஒரு கூலி, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரித்துப் பார்க்கிற வழி இது. பணம் குறைவாகப் போட்டு, உடம்பால் அதிகம் உழைக்கிறவர் உள்ள கூட்டில் இது பேச்சுக்கு எளிதாக ஒத்துவரும்.

ஆனால் லாபம் குறைந்தால் இந்த வழி தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். லாபம் 60,000 மட்டும்தான் என்றால்? முதலுக்கு வட்டி லாபத்திலிருந்துதான் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது, அதனால் 1,20,000 வட்டிக்குப் பதில் 60,000-ஐ அதே விகிதத்தில் கொடுக்க வேண்டியதுதான்: 24,000, 24,000, 12,000. மாதத்தால் பெருக்கிப் பிரித்தாலும் இதே தொகைதான் வரும். மிச்சம் இல்லை, ஆளுக்குரிய பங்கும் இல்லை. நட்டமே வந்தால் இன்னும் மோசம். 1,20,000 நட்டம், மிச்சத்தைச் சமமாகப் பிரிப்பதாகத்தானே பேச்சு என்று நட்டத்தையும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 40,000. மாதக் கணக்கில் தம்பி 24,000 மட்டுமே தாங்கியிருப்பார். நல்ல வருடத்தில் தம்பிக்கு லாபமாக இருந்த அதே ஏற்பாடு, கெட்ட வருடத்தில் அவர் மேலேயே விழுகிறது. பத்திரத்தில் 'லாபம்' என்று மட்டும் எழுதி, நட்டத்தை எழுதாமல் விடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆள் சேரும்போது நடுக்கணக்கு

மூன்றாவது வழி இதுதான்: களத்தில் போட்டிருக்கும் பணம் மாறுகிற நாளில் கணக்கை முடித்து, அதுவரை வந்த லாபத்தை அதுவரை இருந்தவர்களுக்கு மட்டும் பிரித்துவிட்டு, மறுநாளிலிருந்து புதுக்கணக்கு ஆரம்பிப்பது. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் தொகை மாறாது. அதனால் மாதத்தால் பெருக்கவே வேண்டாம், தொகையின் விகிதம் போதும்.

நம் களத்தில் ஜூலை 31 அன்று கணக்கு முடித்தபோது லாபம் 1,36,500 என்று வந்தது. அப்போது இருந்தவர்கள் இருவர், 4-க்கு 3. லட்சத்துக்கு 19,500: தோப்புக்காரருக்கு 78,000, தம்பிக்கு 58,500. அடுத்த எட்டு மாதத்தில் லாபம் மீதி 1,03,500. இப்போது முதல் 4, 6, 1.5, மொத்தம் பதினொன்றரை லட்சம். லட்சத்துக்கு 9,000: தோப்புக்காரருக்கு 36,000, மச்சானுக்கு 54,000, தம்பிக்கு 13,500.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்:

| | மாதப் பெருக்கல் | வட்டி போக சமபங்கு | நடுக்கணக்கு |
|---|---|---|---|
| தோப்புக்காரர் | 96,000 | 88,000 | 1,14,000 |
| மச்சான் | 96,000 | 88,000 | 54,000 |
| தம்பி | 48,000 | 64,000 | 72,000 |

மொத்த லாபம் ஒரே 2,40,000. மச்சானுடைய பங்கு மட்டும் 42,000 ரூபாய் இறங்கிவிட்டது. நல்ல லாபம் வந்த நாலு மாதத்தில் அவர் பணம் இல்லை, அதனால் அந்த லாபத்தில் அவருக்குப் பங்கில்லை என்பது தோப்புக்காரர் பக்க நியாயம். கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 1,36,500 என்ற எண் எப்படி வந்தது என்று மச்சான் கேட்டே ஆக வேண்டும்.

எழுபது மூட்டை

ஜூலை 31 அன்று களத்தில் 50 கிலோ மூட்டைகள் எழுபது கிடந்தன, 3,500 கிலோ கொப்பரை. தேங்காய் வாங்கி, மட்டை உரித்து, உடைத்துக் காயவைத்து மூட்டை கட்டியது வரை கிலோவுக்கு 137 ரூபாய் அடக்கம். அன்றைக்குச் சந்தை விலை 160. கிலோவுக்கு 23 ரூபாய் வித்தியாசம், 3,500 கிலோவுக்கு 80,500 ரூபாய். இந்த 80,500 இன்னும் விற்றுக் கையில் வராத பணம். 1,36,500 லாபத்தில் இதுவும் சேர்ந்திருக்கிறது.

மூட்டைகளை 160-க்கு மதிப்பிடாமல் 137-க்கே வைத்திருந்தால்? முதல் நாலு மாத லாபம் 56,000 ஆகிவிடும், அந்த 80,500 ஆகஸ்டுக்குப் பின் உள்ள கணக்கில் போய்ச் சேர்ந்து அங்கே 1,84,000 ஆகும். 56,000-ஐ 7 லட்சத்துக்குப் பிரித்தால் லட்சத்துக்கு 8,000. 1,84,000-ஐ 11.5 லட்சத்துக்குப் பிரித்தால் 16,000. தோப்புக்காரருக்கு 32,000 + 64,000 = 96,000. மச்சானுக்கு 96,000. தம்பிக்கு 24,000 + 24,000 = 48,000. மாதப் பெருக்கலில் வந்த அதே எண்கள்! நாலு மாதத்துக்கு 8,000, எட்டு மாதத்துக்கு 16,000, இரண்டு துண்டிலும் லட்சத்துக்கு மாதம் 2,000-தான். எல்லா மாதமும் ஒரே விகிதத்தில் சம்பாதித்தால் நடுக்கணக்கும் மாதப் பெருக்கலும் ஒன்றுதான் என்பது இதிலிருந்து தெரியும். (எண்களை அப்படி அமையும்படி எடுத்துக்கொண்டேன், ஆனால் விதி பொதுவானது.)

ஆக இந்தக் களத்தில் சண்டை விகிதத்தைப் பற்றியதே இல்லை, அந்த எழுபது மூட்டையின் விலையைப் பற்றியது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் புதுக் கூட்டாளி சேரும்போது மறுமதிப்பீட்டுக் கணக்கு போடச் சொல்வார்கள், அதில் வரும் ஆதாயம் பழைய கூட்டாளிகளுக்குப் பழைய விகிதத்தில் போகும். அந்தப் பாடத்தின்படி 160 சரி. ஆனால் வருடக் கடைசிக் கணக்கில் சரக்கை அடக்கவிலை, சந்தைவிலை இரண்டில் எது குறைவோ அதற்கு வைப்பதுதான் வழக்கம், அந்தப் பழக்கத்தில் எழுதுகிறவர் 137 என்றுதான் போடுவார். இரண்டுமே கணக்குப் புத்தகத்தில் உள்ளவைதான், அதனால்தான் இரண்டு பக்கமும் தான் சொல்வதே சரி என்று நிற்கிறது.

160-க்கு வைத்தால் மச்சானுக்கு இன்னொரு ஆபத்து. ஆகஸ்டில் விலை 150-க்கு இறங்கினால், அந்தப் பத்து ரூபாய் நஷ்டம் புதுக்கணக்கில்தான் விழும். மச்சானுடைய பங்கு பதினொன்றரையில் ஆறு, அதாவது பாதிக்கு மேல். ஏறினபோது இல்லாதவர் இறங்கும்போது பாதிக்கு மேல் தாங்குகிறார். இன்னொன்று, கொப்பரை சரியாகக் காயாமல் மூட்டை கட்டியிருந்தால் எடை குறையும், பூஞ்சணம் பிடித்தால் விலையும் குறையும். மதிப்பிடுகிற அன்றைக்கு இரண்டு மூட்டையாவது அவிழ்த்து, பருப்பை ஒடித்துப் பார்க்காமல் 160 என்று எழுதுவது புதிதாக வருகிறவர் தலையில் கல்லைப் போடுவது மாதிரி. காய்ந்த கொப்பரை ஒடியும், ஈரக் கொப்பரை வளையும். களத்தில் விரித்துப் போட்டு இன்னும் காயாத சரக்கைக் கொப்பரை விலைக்கு எடுக்கவே கூடாது, தேங்காய் வாங்கின விலையோடு உடைப்புக் கூலியைச் சேர்த்து அடக்கத்துக்கு வைப்பதுதான் முறை.

எனக்குப் பிடித்த வழி, எழுபது மூட்டையையும் தனியாக எழுதிவைப்பது. 'பழைய சரக்கு, 3,500 கிலோ, அடக்கம் 137, உச்சவரம்பு 160.' விற்கிற விலை 160-க்குள் எதுவாக இருந்தாலும், 137-க்கு மேல் வருவது பழையவர்கள் இருவருக்கும். 160-ஐத் தாண்டினால் தாண்டினது மட்டும் மூவருக்கும் பொது. 155-க்கு விற்றது என்று வையுங்கள்: கிலோவுக்கு 18 ரூபாய், 63,000. நாலுக்கு மூன்று என்று தோப்புக்காரருக்கு 36,000, தம்பிக்கு 27,000. யாரும் யாரையும் நம்பி விலை சொல்ல வேண்டியதில்லை, பொள்ளாச்சி வியாபாரியின் சீட்டு சொல்லிவிடும். ஒரு ஓட்டை இருக்கிறது: பழைய மூட்டையை விற்காமல் பிடித்து வைத்திருந்தால், அதில் முடங்கிய பணம் புதுக்கணக்கில் வேலை செய்யாமலே பங்கு வாங்கும். அதனால் ஒரு மாதத்துக்குள் விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாதக் கடைசி விலைக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

தம்பியின் வெயில்

இதுவரை பணம் மட்டும்தான் பேசியது. தினமும் களத்தில் நின்று, உடைக்கிற ஆட்களைக் கூட்டிவந்து, மழை மேகம் தெரிந்தால் தார்ப்பாய் இழுத்து மூடுகிறவர் தம்பி. இதை விகிதத்துக்குள் நுழைத்து, 'தம்பிக்கு ஒரு ரெண்டு லட்சம் போட்ட மாதிரி வைத்துக்கொள்வோம்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வேண்டாத வேலை. அந்த இல்லாத ரெண்டு லட்சத்துக்கு நட்டத்திலும் பங்கு வரும், கூட்டு கலையும்போது 'என் முதல் எங்கே' என்றும் ஒரு கேள்வி வரும். சம்பளமாகப் பேசி, லாபம் பார்ப்பதற்கு முன்பே கழித்துவிடுவதுதான் சுத்தம். பேசாவிட்டால் சட்டப்படி கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது.

மாதம் 6,000 என்றால் வருடத்துக்கு 72,000. மீதி 1,68,000-ஐ 120 லட்ச-மாதத்துக்குப் பிரித்தால் 1,400. தோப்புக்காரருக்கும் மச்சானுக்கும் ஆளுக்கு 67,200, தம்பிக்குப் பங்காக 33,600, சம்பளத்தோடு 1,05,600. நடுவில் ஒன்றரை லட்சத்தை எடுத்தவர்தான் கடைசியில் அதிகம் வாங்குகிறார், ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு கூலி என்பது கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. மச்சானுக்கு இது கசக்காது, ஒரு மேஸ்திரியை வைத்தாலும் இதைவிடக் கூடத்தான் கேட்பான் என்று அவருக்கும் தெரியும்.

இந்தக் களத்துக்கு எது?

தோப்புக்காரர் கேட்டால் நடுக்கணக்கைத்தான் சொல்வேன், சரக்குத் தொழிலில் ஆள் புதிதாகச் சேருகிற நாளுக்கு அதைவிட நேர்மையான வழி இல்லை. ஆனால் மச்சான் என்னிடம் வந்து கேட்டிருந்தால் சேருவதற்கு முன்பே ஒன்று சொல்லியிருப்பேன். 160 விலையில் நடுக்கணக்கும் போட்டு, தம்பிக்குச் சம்பளமும் கழித்தால், அவருடைய ஆறு லட்சத்துக்கு எட்டு மாதத்தில் வருவது 29,000-க்கும் கொஞ்சம் கீழே. ஒரு வட்டிக்கு அதே களத்துக்குக் கடனாகக் கொடுத்திருந்தால் 48,000 வாங்கியிருப்பார், நட்டத்திலும் அவருக்குப் பங்கு இருந்திருக்காது. கூட்டாளியாக வருகிறவர் கடன்காரனைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் ஆபத்தையும் சுமப்பது என்ன கணக்கு?

அதனால் இரண்டு வழியையும் கலப்பேன். பழைய எழுபது மூட்டை தனிக் குறிப்பு. ஆகஸ்டிலிருந்து வரும் லாபத்தில் முதலில் தம்பியின் சம்பளம், அப்புறம் எல்லோருடைய முதலுக்கும் ஒரு வட்டி, மிச்சம் முதலின் விகிதத்தில். இப்படிச் செய்தால் பழையவர்களின் ஏற்றம் பழையவர்களிடமே நிற்கும், புதியவரின் பணத்துக்கும் பேசின வட்டி முதலில் நிற்கும். இந்த வருடம் அந்த வட்டிக்கே முழுதாக லாபம் போதாமல் போகலாம். போதாவிட்டால் விகிதப்படிதான், அதையும் முன்பே பேசிவிட வேண்டும். தம்பி கிணற்றுக்கு எடுத்ததைப் போல உள்ளிருப்பவர் கொஞ்சம் எடுப்பதற்கும் போடுவதற்கும் ஒவ்வொரு முறையும் மூட்டை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு மாதப் பெருக்கல் போதும். புதிதாக ஒருவர் வரும்போதும், ஒருவர் முழுதாக விலகும்போதும் மட்டும் களத்தை நிறுத்தி எண்ணலாம்.

மாதப் பெருக்கல் போடும் இடத்தில் மாதத்தைக்கூட நாளாக மாற்றிவிடுவது நல்லது. பாடக் கணக்கில் எல்லோரும் ஒன்றாம் தேதி வருவார்கள், நிஜத்தில் 'ஆகஸ்டில் கொடுத்தேன்' என்பவர் 19-ஆம் தேதி கொடுத்திருப்பார். ஆறு லட்சத்தில் அந்த 18 நாளின் வித்தியாசம், ரெண்டு வட்டிக் கணக்கில், ஏழாயிரத்துக்கு மேல். தேதி என்பது செக் எழுதின தேதியா, களத்துக் கணக்கில் பணம் ஏறின தேதியா என்பதையும் சொல்லிவிட வேண்டும், நான் ஏறின தேதியைத்தான் எடுப்பேன். வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் எடுக்கும் ஐயாயிரம், பத்தாயிரத்தை முதலிலிருந்து கழிக்காமல் தனிப் பற்றாக எழுதி, கடைசியில் வரும் பங்கில் பிடித்தால் போதும். அதை முதலிலிருந்து கழிக்க ஆரம்பித்தால் பெருக்கல் பக்கம் பக்கமாக நீளும்.

இவ்வளவையும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமா என்று கேட்பார்கள். தாள் இருப்பது இல்லாததைவிட மேல். ஆனால் பதிவு செய்யாத கூட்டு நிறுவனத்தின் கூட்டாளி, கூட்டு நடந்துகொண்டிருக்கும்போது தன் பங்குக்காக நிறுவனத்தின் மீதோ மற்றக் கூட்டாளிகள் மீதோ வழக்குப் போட அதே கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு தடையாக நிற்கும். கூட்டைக் கலைத்துவிட்டுக் கணக்குக் கேட்கலாம், அவ்வளவுதான். களம் கொழிஞ்சாம்பாறையில் மட்டும் இருந்தால், மச்சான் பொள்ளாச்சிக்காரராக இருந்தாலும், பதிவு கேரளத்தில்தான். பத்திரத்தை மலையாளத்தில் எழுதினால், மச்சான் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு லாப விகிதம், நட்ட விகிதம், பழைய சரக்கு ஆகிய மூன்று பத்திகளையாவது யாரையாவது தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.